வாதக் காய்ச்சலை இனங்கண்ட வரலாறு: சிடன்ஹாம் முதல் ஜோன்ஸ் விதிகள் வரை

1. முன்னுரை

தொண்டை அழற்சி கண்ட குழந்தைக்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மூட்டுவலியும் காய்ச்சலும் தோன்றுவதுண்டு. முழங்காலில் தொடங்கிய வலி அங்கே தணிந்து கணுக்காலுக்கும், பின் மணிக்கட்டுக்கும் இடம்பெயரும். சில வாரங்களில் மூட்டுகள் எவ்வித ஊனமுமின்றி முற்றிலும் குணமாகிவிடும். ஆயின் அதே நோய் இதய வால்வில் ஒரு தழும்பை விட்டுச் செல்லக்கூடும். அத்தழும்பு பத்தோ இருபதோ ஆண்டுகளுக்குப் பின் மூச்சுத் திணறலாக வெளிப்படும். இந்நோயே வாதக் காய்ச்சல் அல்லது ருமாட்டிக் காய்ச்சல் எனப்படுவது.

இந்நோய் உண்டு என உறுதிசெய்யும் தனியொரு பரிசோதனை இன்றளவும் இல்லை. மூட்டு, தோல், நரம்பு மண்டலம், இதயம் எனச் சிதறிக்கிடக்கும் அறிகுறிகளைத் தொகுத்தே மருத்துவர் இதனை முடிவுசெய்கிறார். அத்தொகுப்பு உருவாக ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. அது உருவான வரலாற்றையும், அத்தொகுப்பின் எல்லைக்கோடு பலமுறை மாற்றி வரையப்பட்டதன் காரணத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. முதல் தாக்குதலை இனங்காணத் தவறினால் அடுத்தடுத்த தாக்குதல்களைத் தடுக்க இயலாது என்பதும், வால்வைப் பெரிதும் சிதைப்பவை அவ்வடுத்தடுத்த தாக்குதல்களே என்பதும் இவ்வரலாற்றின் அடிநாதமாக அமைகின்றன.

2. தனித்தனி நோய்களாகக் கருதப்பட்ட காலம்

வாதக் காய்ச்சலின் கூறுகள் நெடுங்காலம் வெவ்வேறு நோய்களாகவே அறியப்பட்டிருந்தன. 17ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த தாமஸ் சிடன்ஹாம், இளையோரைத் தாக்கி மூட்டுக்கு மூட்டு இடம்பெயரும் காய்ச்சலோடு கூடிய வாதத்தை, செல்வர் நோயெனக் கருதப்பட்ட கௌட் நோயினின்று 1676இல் பிரித்துக் காட்டினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1686இல், அவரே மற்றொரு நோயையும் விவரித்தார். பத்து வயது முதல் பூப்புப் பருவம் வரையிலான சிறுவர் சிறுமியரின் கைகால்கள் அவர்தம் விருப்பமின்றித் துடித்து அசைவதே அந்நோய். அவர் பெயராலேயே அது இன்று சிடன்ஹாம் கொரியா என வழங்குகிறது. இவ்விரண்டையும் தெளிவுற விவரித்த அவர், இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை உணரவில்லை.

உணராமைக்குக் காரணம் நோயின் இயல்பிலேயே உள்ளது. மூட்டுவலி தொண்டை அழற்சிக்குப்பின் இரண்டு மூன்று வாரங்களில் தோன்றுகிறது. கொரியாவோ ஒன்று முதல் ஆறு மாதங்கள் வரை தாமதித்துத் தோன்றக்கூடியது. அதற்குள் மூட்டுவலி மறைந்து மறக்கப்பட்டிருக்கும். பல குழந்தைகளுக்கு மூட்டுவலி வந்திருக்கவே மாட்டாது. ஒரே நேரத்தில் காணப்படாதவற்றை ஒரே நோயாகக் கருத எவருக்கும் தோன்றவில்லை.

இதயத்தோடு உள்ள தொடர்பும் மெல்ல மெல்லவே புலப்பட்டது. இலண்டன் மருத்துவர் டேவிட் பிட்கேர்ன், வாதம் கண்டவர்களுக்கு இதயநோய் மிகுதியாக வருவதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவனித்தார். 1812இல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் இத்தகைய நோயாளர் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டார். தோலுக்கடியில் தோன்றும் சிறு முடிச்சுகளும் அதில் குறிப்பிடப்பட்டன. ஆயினும் உயிரோடிருப்பவரின் வால்வுச் சிதைவை அறிய அப்போது வழியில்லை. பிரான்சு நாட்டின் லென்னெக் 1816இல் இதயத்துடிப்புமானியை உருவாக்கிய பின்னரே நிலைமை மாறியது. அக்கருவியைக் கொண்டு பாரிசில் பணியாற்றிய ழான் பாப்திஸ்த் பூயோ, கடுமையான மூட்டுவாதம் கண்டவர்களின் இதயத்தை நாள்தோறும் கேட்டு ஆராய்ந்தார். இதய அழற்சி இந்நோயில் தற்செயலாக நேர்வதன்று, நோயின் பகுதியே அது என 1836லும் 1840லும் வெளிவந்த நூல்களில் அவர் நிறுவினார்.

3. சிதறிய கூறுகளை இணைத்தோர்

கொரியாவும் வாதமும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதை இலண்டனில் ரிச்சர்ட் பிரைட்டும், பின்னர் பாரிசில் ழெர்மேன் சேயும் எடுத்துக்காட்டினர். 1881இல் தாமஸ் பார்லோ, பிரான்சிஸ் வார்னர் ஆகிய இருவரும் தோலடி முடிச்சுகளை விரிவாக விவரித்தனர். எனினும் இவை அனைத்தையும் ஒரே பார்வையில் கொணர்ந்தவர் இலண்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய வால்டர் பட்லர் சீடில் ஆவார்.

1889இல் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் சீடில் முன்வைத்த கருத்து எளிமையானது. பெரியவர்களிடம் மூட்டுவாதமே நோயின் மையமாகத் தோன்றுகிறது. குழந்தைகளிடமோ மூட்டுவலி மிக இலேசாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு குழந்தைக்கு முதலில் கொரியாவும், சில மாதங்கள் கழித்துத் தோலடி முடிச்சும், பின்னொரு காலத்தில் இதய முணுமுணுப்பும் தோன்றக்கூடும். ஒருநாள் நோயாளியைப் பார்த்து முடிவுசெய்யும் மருத்துவருக்கு இவை மூன்று நோய்கள். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பவருக்கு ஒரே நோய். நோயை அறியும் முறையில் காலம் என்னும் கூறு இவ்வாறு இடம்பெற்றது.

இணைக்கப்பட்ட அறிகுறிகளின் தனித்தன்மைகளை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். மூட்டுகளைப் பொறுத்தவரை முழங்கால், கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு ஆகிய பெரிய மூட்டுகளே தாக்கப்படுகின்றன. வெளியே தெரியும் வீக்கத்தைவிட வலி பன்மடங்கு மிகுதியாக இருக்கும்; போர்வை பட்டாலும் குழந்தை அலறும். சாலிசிலேட் மருந்துக்கு இவ்வலி இரண்டு மூன்று நாள்களில் வியப்புறும் வகையில் அடங்கிவிடுகிறது. 1876இல் மக்லாகன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், வில்லோ மரப்பட்டையினின்று எடுக்கப்பட்ட சாலிசினைக் கொடுத்து இதனைக் கண்டறிந்தார். இக்கண்டுபிடிப்பு நன்மையோடு ஓர் இடரையும் கொணர்ந்தது. வலி முதல் மூட்டிலிருக்கும்போதே ஆஸ்பிரினோ அதுபோன்ற மருந்தோ கொடுக்கப்பட்டால், அடுத்த மூட்டுக்கு இடம்பெயரும் முன்னரே அது தணிந்துவிடும். நோயை அடையாளங்காட்டும் குணமே மறைந்துவிடும். மேலும் அம்மருந்து மூட்டைக் குணப்படுத்துகிறதேயன்றி வால்வைக் காப்பதில்லை.

தோலில் இரு அறிகுறிகள் உள. முதலாவது, விளிம்புச் செம்படை. உடலின் நடுப்பகுதியிலும் கைகால்களின் மேற்பகுதியிலும் இளஞ்சிவப்பு வளையங்களாக அது தோன்றும். நடுவே வெளிறியும் விளிம்பில் சிவந்தும் இருக்கும். அரிப்போ வலியோ இராது; முகத்தில் வாராது; சில மணி நேரத்தில் தோன்றி மறையும். இரண்டாவது, தோலடி முடிச்சு. முழங்கை, முழங்கால், மணிக்கட்டு, பிடரி, முதுகெலும்பு ஆகியவற்றின் எலும்பு மேடுகள்மேல் பட்டாணி அளவில் வலியின்றி இருக்கும். அதன்மேல் தோல் தடையின்றி நகரும். இரண்டும் அரியன, கருநிறத் தோலில் முதலாவதைக் காண்பது மேலும் அரிது. எனினும் தோலடி முடிச்சு உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் இதய அழற்சியும் இருக்கும் என்பதால் அதனைத் தேடித் தடவிப் பார்த்தல் மருத்துவரின் கடமையாயிற்று.

கொரியா கண்ட குழந்தை, பெரும்பாலும் சிறுமி, முதலில் பள்ளியிலேயே கவனிக்கப்படுகிறாள். கையெழுத்து சிதைகிறது, கையிலுள்ள பாத்திரம் நழுவுகிறது, காரணமின்றி அழுகை வருகிறது. கண்டிப்பு பயன்தருவதில்லை. மருத்துவர் தம் விரல்களைப் பிடிக்கச் சொன்னால், அவள் பிடி பால் கறப்பவர் கைபோல் இறுகித் தளர்ந்து இறுகுகிறது. நீட்டிய நாக்கை நிலையாக வைத்திருக்க இயலுவதில்லை. உறக்கத்தில் இவ்வசைவுகள் முற்றிலும் நின்றுவிடுகின்றன.

4. நோயின் காரணம் தெளிவுற்றமை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோயின் காரணம் தெரியவந்தது. 1904இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் லுட்விக் ஆஷாஃப் இதயத் தசையில் இந்நோய்க்கே உரிய நுண் முடிச்சுகளைக் கண்டார். 1931இல் நியூயார்க்கில் ஆல்வின் கோபர்னும் இலண்டனில் காலிஸும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சியே இந்நோய்க்கு முன்னோடி என்பதைத் தனித்தனியே நிறுவினர். அக்கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் அளக்கும் சோதனையை 1932இல் டாட் வகுத்தார். காய்ச்சல் தோன்றும் வேளையில் தொண்டையில் கிருமி பெரும்பாலும் அழிந்திருக்கும். எனவே அது வந்து சென்ற தடத்தைக் காட்டும் இச்சோதனை இன்றியமையாததாயிற்று. கொரியாவுக்கோ இதுவும் எப்போதும் உதவுவதில்லை. மாதங்கள் கடந்தபின் தோன்றுவதால், அதற்குள் எதிர்ப்பொருள் அளவு இயல்பு நிலைக்கு இறங்கியிருக்கலாம்.

நியூயார்க்கின் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு 1920களில் இக்கிருமியின் மேற்பரப்பிலுள்ள எம் புரதத்தைக் கண்டறிந்தார். இப்புரதத்தில் பல வகைகள் உள. ஒரு வகைக்கு எதிராக உடல் பெறும் காப்பு மற்றொரு வகைக்கு உதவுவதில்லை. ஆகவே ஒரே குழந்தை பலமுறை இத்தொண்டை அழற்சியைப் பெற இயலும். அம்மை ஒருமுறை வந்தால் மீண்டும் வாராது. இந்நோயோ ஒருமுறை வந்தவரைத் தேடி மீண்டும் வருகிறது.

5. மீள்தாக்குதல் வால்வைத் தழும்பாக்கும் விதம்

எம் புரதத்தின் சில பகுதிகளும் கிருமியின் சுவரிலுள்ள சர்க்கரைக் கூறும் மனித இதயத்தின் சில புரதங்களை ஒத்துள்ளன. கிருமியை எதிர்க்க உருவான எதிர்ப்பொருள்கள் இவ்வொப்புமையால் வால்வின் மேற்படலத்தையும் பற்றுகின்றன. கொரியாவில் மூளையின் அடித்தள நரம்பு முடிச்சுகள் இவ்வாறே பாதிக்கப்படுவதாகக் கருதப்படுகிறது.

இயல்பான வால்வின் இதழ் மெல்லியது. அதில் இரத்த நாளங்கள் பெரும்பாலும் இல்லை. முதல் தாக்குதலில் எதிர்ப்பொருள்கள் மேற்படலத்தைத் தூண்ட, அது ஒட்டும் தன்மை பெறுகிறது. இரத்தத்திலுள்ள டி அணுக்கள் அதனைப் பற்றி இதழுக்குள் நுழைகின்றன. இதழ் வீங்குகிறது, அது மூடும் கோட்டின் நெடுகிலும் சிறு பருக்கள் தோன்றுகின்றன. இந்நிலையில் வால்வு சரிவர மூடாமல் இரத்தம் பின்னொழுகும். முதல் தாக்குதலில் கேட்கும் முணுமுணுப்பு பெரும்பாலும் இதனாலேயே.

அழற்சி ஆறும்போது இதழில் புதிய இரத்த நாளங்கள் முளைத்து, நார்த்திசு படிகிறது. பின்னர் நிகழ்வனவற்றுக்கு இதுவே அடிப்படை. முன்பு நாளமின்றி இருந்த இதழுக்கு இப்போது உள்ளே செல்ல வழி உண்டாகிவிட்டது. அடுத்த தொண்டை அழற்சி வேறொரு எம் வகையால் வரும்போது, முன்னரே பயிற்சி பெற்ற எதிர்ப்பு அணுக்கள் விரைந்து பெருகி, அவ்வழியே இதழின் ஆழத்துக்குச் செல்கின்றன. ஒவ்வொரு தாக்குதலும் ஓர் அடுக்கு நார்த்திசுவைச் சேர்க்கிறது. இதழ்கள் தடிக்கின்றன, அவை சந்திக்கும் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, இதழ்களைத் தாங்கும் நாண்கள் குறுகித் தடிக்கின்றன. ஈரிதழ் வால்வின் அகன்ற வாயில் இறுதியில் மீனின் வாயொத்த சிறு பிளவாகச் சுருங்கிவிடுகிறது. மூட்டில் அழற்சி மேலோட்டமாக வந்து நீங்குவதால் தழும்பு எஞ்சுவதில்லை. வால்வோ ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடுவது. உருக்குலைந்த இதழின்மீது இரத்தம் சுழித்து மோதுவதும் தழும்பை வளர்க்கிறது.

6. டக்கெட் ஜோன்ஸும் எல்லைக்கோடும்

பாஸ்டன் நகரின் குட் சமாரிட்டன் இல்லம் வாதக் காய்ச்சல் கண்ட குழந்தைகளை மாதக்கணக்கில் படுக்கையில் வைத்துப் பேணிய மருத்துவமனை. அங்குப் பணியாற்றிய டி. டக்கெட் ஜோன்ஸ் இருவகைத் தவறுகளையும் கண்டார். வளர்பருவத்துக் கால்வலியை வாதக் காய்ச்சலெனக் கருதி நலமான குழந்தையைப் படுக்கையில் கிடத்துவது ஒன்று. உண்மை நோயை வெறும் கால்வலியெனத் தள்ளிவிடுவது மற்றொன்று. 1944இல் அவர் வெளியிட்ட விதிகள் அறிகுறிகளை முதன்மை, துணை என இரண்டாகப் பகுத்தன. இரண்டு முதன்மை அறிகுறிகளோ, ஒரு முதன்மையும் இரண்டு துணையுமோ இருப்பின் நோயென முடிவுசெய்யலாம். அவர்தம் பட்டியலில் இதய அழற்சி, மூட்டுவலி, கொரியா, தோலடி முடிச்சு ஆகியவற்றோடு முன்னர் இந்நோய் வந்திருந்த வரலாறும் முதன்மையாக இடம்பெற்றது. மீள்தாக்குதலுக்கு அவர் அளித்த இடத்தை இது காட்டும்.

அவரும் எட்வர்ட் பிளாண்டும் 1000 நோயாளரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1951இல் வெளியிட்ட அறிக்கை இவ்விதிகளின் பின்புலத்தை விளக்குகிறது. தொடக்கத்தில் 653 பேருக்கு இதயநோய் அறிகுறி இருந்தது. எஞ்சிய 347 பேருக்கு அது தென்படவில்லை. ஆயினும் அவர்களிலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இருபது ஆண்டுகளுக்குள் இதயநோயராயினர். இதயம் தப்பியது என்ற ஆறுதலோடு வீட்டிற்கு அனுப்பப்படும் குழந்தை தப்பிவிடவில்லை என்பது இதனால் உறுதிப்பட்டது.

அக்காலத்திலேயே தடுப்பு வழியும் கிடைத்தது. வயோமிங் மாநில வாரன் வான்படைத் தளத்தில் தொண்டை அழற்சி கண்ட படைவீரர்களுக்குப் பெனிசிலின் அளித்துச் செய்த ஆய்வு 1950இல் வெளிவந்தது. மருந்து பெற்ற 798 பேரில் இருவருக்கும், பெறாத 804 பேரில் 17 பேருக்கும் வாதக் காய்ச்சல் உறுதியாயிற்று. 1952இல் ஸ்டாலர்மன் குழுவினர், மெல்லக் கரையும் பென்சத்தீன் பெனிசிலினை மாதம் ஒருமுறை ஊசியாகச் செலுத்தி மீள்தாக்குதலைத் தடுக்கும் முறையை வெளியிட்டனர். அதுமுதல், நோய் உண்டு என்னும் முடிவு பல்லாண்டு ஊசிக்கும், இல்லை என்னும் முடிவு காப்பின்மைக்கும் இட்டுச் செல்வதாயிற்று.

ஜோன்ஸ் விதிகள் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டன. 1956இல் வெறும் மூட்டுவலி துணை அறிகுறியாகத் தாழ்த்தப்பட்டது. பல மூட்டுகளில் வீக்கத்தோடு கூடிய அழற்சியே முதன்மையாயிற்று. விளிம்புச் செம்படை முதன்மை நிலைக்கு உயர்ந்தது. 1965இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்கான சான்று கட்டாயமாயிற்று. கொரியா போன்று தாமதித்துத் தோன்றுவனவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மேலைநாடுகளில் நோய் குறைந்துகொண்டிருந்த காலம் அது. தவறாக நோயெனச் சொல்லிவிடாதிருப்பதே அங்குப் பெருங்கவலையாயிருந்தது.

இம்மாற்றங்களின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு என வலி மாறி மாறி வருகிறது, வீக்கம் இல்லை. காய்ச்சல் 38.2 பாகை செல்சியசு. செங்குருதி அணுக்கள் படியும் வேகம் மணிக்கு 45 மி.மீ. மூன்று வாரங்களுக்கு முன் தொண்டை வலி இருந்தது. எதிர்ப்பொருள் அளவும் உயர்ந்துள்ளது. இதயத்தில் முணுமுணுப்பு இல்லை. 1944ஆம் ஆண்டு விதிப்படி மூட்டுவலி முதன்மை. காய்ச்சலும் இரத்தச் சோதனையும் துணை. எனவே இது வாதக் காய்ச்சல். 1956க்குப் பிந்தைய விதிகளில் முதன்மை அறிகுறி எதுவுமில்லை, எனவே அன்று.

2015இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட திருத்தம் இதே சிறுமிக்கு இரு விடைகளைத் தருகிறது. நோய் அரிதான சமூகத்தில் அவள் வாழ்ந்தால் அங்குக் காய்ச்சல் 38.5 பாகையும், படியும் வேகம் 60 மி.மீட்டரும் எட்டியிருக்க வேண்டும், மூட்டுவலியும் துணையே. விதி நிறைவுறாது. நோய் மிகுந்த சமூகத்தவளாயின், பிற காரணங்கள் விலக்கப்பட்ட பின், பல மூட்டுகளில் வரும் வலியே முதன்மையாகும். 38 பாகையும் 30 மி.மீட்டரும் போதுமானவை. விதி நிறைவுறுகிறது. மேலும், முணுமுணுப்பு கேட்காவிடினும் இதய ஒலியலைப் படத்தில் வால்வுக் கசிவு உரிய அளவில் தெரிந்தால் அதுவே இதய அழற்சியாகக் கொள்ளப்படுகிறது. செவிக்கு எட்டாத இதய அழற்சியைக் காண்பதற்கு பிளாண்டும் ஜோன்ஸும் பெற்றிராத கருவி இது.

7. இந்தியாவில் புலப்பட்ட விளைவு

மேலைநாடுகளில் ஈரிதழ் வால்வுச் சுருக்கம் முதல் தாக்குதலுக்குப் பின் பல பத்தாண்டுகள் கடந்தே முற்றுவதாக அறியப்பட்டிருந்தது. 1963இல் சுஜாய் ராய், இராமலிங்கசாமி முதலியோர் இலண்டன் இதழொன்றில் எழுதிய கட்டுரை, இந்தியாவில் இருபது வயதுக்குட்பட்டோரிடமே கடுமையான சுருக்கம் காணப்படுவதை உலகிற்கு அறிவித்தது. தடுக்கப்படாமல் குறுகிய காலத்தில் நேரும் மீள்தாக்குதல்கள் இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன. தமிழ்நாட்டின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஒட்டிக்கொண்ட ஈரிதழ் வால்வை விரித்துவிடும் அறுவை 3724 பேருக்குச் செய்யப்பட்ட அனுபவத்தை ஸ்டான்லி ஜானும் அவர்தம் குழுவினரும் 1983இல் வெளியிட்டனர். ஒரே மருத்துவமனையின் இவ்வெண், மீன்வாய்ப் பிளவாகிவிட்ட நிலையிலேயே இந்நோய் எத்தனை பேரிடம் கைக்கு வந்தது என்பதைக் காட்டுகிறது. இத்தகைய நோயாளருள் பலருக்குச் சிறுவயது மூட்டுவலி நினைவில் இருப்பதில்லை.

8. முடிவுரை

சிடன்ஹாம் தனித்தனியே கண்டவற்றைச் சீடில் காலத்தால் இணைத்தார். ஜோன்ஸ் அவற்றை விதியாக்கினார். அவ்விதி இறுக்கப்பட்டதும் தளர்த்தப்பட்டதும் அறிகுறிகள் மாறியதால் அன்று. தவறாக நோயென்று சொல்வதன் விலை, இதயம் பாதிக்கப்படாத குழந்தைக்கு ஐந்து ஆண்டுகளோ 21 வயது வரையிலோ, இவற்றுள் நீண்ட காலம், மூன்று நான்கு வாரங்களுக்கொரு முறை வலிமிகுந்த ஊசி. தவறாக நோயன்று என்று சொல்வதன் விலை, அடுத்த தொண்டை வலியில் வால்வின்மேல் ஏறும் இன்னுமோர் அடுக்குத் தழும்பு. நோய் அரிதான இடத்தில் முதலாவது தவறும், நோய் மிகுந்த இடத்தில் இரண்டாவது தவறும் பெரிதாகின்றன. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வேறுபாட்டை வெளிப்படையாக ஏற்றது. எனவே தமிழர் புலம்பெயர்ந்து வாழும் நாடுகளில் மூட்டுவலியோடு வரும் குழந்தையை ஆராயும் மருத்துவர், தம் நாட்டில் நோய் அரிது என்பதோடு நின்றுவிடாமல், அக்குழந்தை எங்கு வளர்ந்தது, அண்மையில் எங்கிருந்து வந்தது என்பதையும் வினவியே எந்த அளவுகோலைக் கொள்வதென முடிவுசெய்ய வேண்டியுள்ளது.